லாக் ஓபரான்: பாக்டீரியா ஒரு மரபணுவை எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது

ஈ. கோலை பாக்டீரியாவை லாக்டோஸ் இல்லாத ஊடகத்தில் வளர்த்தால், ஒரு செல்லுக்குள் லாக்டோஸை உடைக்கும் பீட்டா-கேலக்டோசிடேஸ் நொதி ஐந்து மூலக்கூறுகள்கூடத் தேறாது. அதே செல்லைக் குளுக்கோஸ் இல்லாமல் லாக்டோஸ் மட்டும் உள்ள ஊடகத்துக்கு மாற்றினால் சில நிமிடங்களில் நொதி உருவாகத் தொடங்கி, பல ஆயிரம் மூலக்கூறுகள்வரை ஏறும். ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வேறுபாடு. டி.என்.ஏ-வில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. மாறியதெல்லாம், அந்த மரபணுவிலிருந்து எத்தனை தடவை ஆர்.என்.ஏ படியெடுக்கப்படுகிறது என்பதுதான்.

செல் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறது என்பதற்கு நொதியின் அளவே பதில். பீட்டா-கேலக்டோசிடேஸின் ஒரு சங்கிலியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் உண்டு. அப்படி நான்கு சங்கிலிகள் சேர்ந்தால்தான் ஒரு நொதி வேலை செய்யும். உடைக்க லாக்டோஸே இல்லாதபோது இதை ஆயிரக்கணக்கில் செய்துவைப்பது செல்லுக்கு வெறும் இழப்பு.

இந்தக் கட்டுப்பாட்டைப் பாரிசின் பாஸ்டர் நிறுவனத்தில் பிரான்சுவா ஜேக்கப்பும் ஜாக் மோனோவும் 1961-இல் முழு வடிவில் விளக்கினார்கள். 1965-இல் ஆந்த்ரே லோஃபுடன் சேர்ந்து இருவரும் நோபல் பரிசு பெற்றார்கள். தேர்வில் இந்தப் பெயர்களுக்கு ஒரு மதிப்பெண் கிடைக்கலாம். மீதி மதிப்பெண் முழுவதும் அவர்கள் எப்படிச் சிந்தித்தார்கள் என்பதில் இருக்கிறது.

பாகங்கள்: எது பொருள், எது இடம்

டி.என்.ஏ-வில் இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டு போவோம். முதலில் லாக்-ஐ என்ற மரபணு. அது அடக்கிப் புரதத்தை உருவாக்கும் குறிப்பு. இதற்குத் தனியாக ஒரு புரொமோட்டர் இருக்கிறது. அதனால் லாக்டோஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது எப்போதும் மெதுவாகப் படியெடுக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். ஒரு செல்லில் பத்து அடக்கிப் புரதங்கள் அளவில் இருக்கும். அவ்வளவு போதும், ஏனென்றால் அது பிடிக்க வேண்டிய இடங்கள் மிகச் சில.

அடுத்து கேப் என்ற புரதம் அமரும் இடம். பிறகு ஆர்.என்.ஏ பாலிமரேஸ் வந்து அமரும் புரொமோட்டர். அதை ஒட்டியே அடக்கி வந்து அமரும் ஆபரேட்டர். அதற்குப் பிறகு வரிசையாக மூன்று மரபணுக்கள். லாக்-இசட் பீட்டா-கேலக்டோசிடேஸைத் தருகிறது. லாக்-ஒய், லாக்டோஸைச் செல்லுக்குள் இழுத்து வரும் பெர்மியேஸ் என்ற சவ்வுப் புரதத்தைத் தருகிறது. லாக்-ஏ தருவது டிரான்ஸ்அசிட்டைலேஸ். லாக்டோஸைச் செரிக்க இது தேவையில்லை என்பதால் கணக்குகளில் பெரும்பாலும் இதை விட்டுவிடுவார்கள், நாமும் விட்டுவிடலாம்.

இந்த மூன்றும் ஒரே புரொமோட்டரின் கீழ் வருவதால் மூன்றுக்கும் சேர்த்து ஒரே நீண்ட தூது ஆர்.என்.ஏ உருவாகிறது. ஓபரான் என்ற சொல்லின் உயிர் இதில்தான் இருக்கிறது: ஒரு சுவிட்சைப் போட்டால் மூன்று மரபணுக்களும் சேர்ந்து எரியும், அணைத்தால் சேர்ந்து அணையும். லாக்-ஐ இந்தத் தூது ஆர்.என்.ஏ-வில் சேராது. பக்கத்து வீட்டில் இருந்தாலும் அதன் கணக்கு வேறு.

இப்போது ஒரு பிரிவினையை மனதில் ஆழமாகப் பதித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பின்னால் வரும் கடினமான கேள்விகள் எல்லாம் இதில்தான் அவிழும். மேலே சொன்ன பாகங்களில் சில புரதங்களுக்கான குறிப்புகள்: ஐ, இசட், ஒய். இவை உருவாக்கும் புரதம் செல்லுக்குள் மிதந்து எங்கு வேண்டுமானாலும் போகலாம். மற்றவை வெறும் இடங்கள்: புரொமோட்டர், ஆபரேட்டர், கேப் அமருமிடம். இவை எந்தப் புரதத்தையும் உருவாக்குவதில்லை. ஓர் இடம், தான் இருக்கும் டி.என்.ஏ துண்டில் தனக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் மரபணுக்களை மட்டுமே பாதிக்கும். எந்தப் பாகத்தைப் பார்த்தாலும் "பொருளா, இடமா?" என்று கேட்கும் பழக்கம் வேண்டும்.

முதல் சுவிட்ச்: அடக்கி

லாக்டோஸ் இல்லாத நிலையில் தொடங்குவோம். அடக்கிப் புரதத்தின் நான்கு சங்கிலிகள் சேர்ந்து ஒரு மூலக்கூறாகி ஆபரேட்டரை இறுகப் பிடிக்கின்றன. இந்த ஆபரேட்டரின் நடுப்பகுதி, ஆர்.என்.ஏ தொடங்கும் இடத்திலிருந்து பதினோராவது எழுத்தில் இருக்கிறது. அதாவது பாலிமரேஸ் உட்கார்ந்து வேலை தொடங்கும் இடமும் அடக்கி பிடித்திருக்கும் இடமும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. படியெடுத்தல் தொடங்கவே முடிவதில்லை.

பாடநூல் படங்களில் ஓர் ஆபரேட்டர்தான் இருக்கும். உண்மையில் மூன்று உண்டு. முதன்மையானதிலிருந்து 92 எழுத்துகள் முன்னால் ஒன்றும், 401 எழுத்துகள் பின்னால், லாக்-இசட் மரபணுவுக்குள்ளேயே, இன்னொன்றும் இருக்கின்றன. நான்கு சங்கிலி அடக்கிக்கு டி.என்.ஏ-வைப் பிடிக்க இரண்டு கைகள் உண்டு. ஒரு கையால் முதன்மை ஆபரேட்டரையும் மறு கையால் துணை ஆபரேட்டர்களில் ஒன்றையும் பிடித்து, நடுவில் இருக்கும் டி.என்.ஏ-வை வளையமாக மடக்கிவிடுகிறது. ஒரு கை நழுவினாலும் மறு கை விடாததால் அடக்கி தூரமாகப் போய்விடுவதில்லை. துணை ஆபரேட்டர்கள் இரண்டையும் நீக்கினால் அடக்கும் திறன் பல பத்து மடங்கு குறைகிறது. பட்டப்படிப்புத் தேர்வுக்கு இந்த அளவு தெரிந்தால் போதும்.

அடக்கி எவ்வளவு இறுகப் பிடித்தாலும் எப்போதாவது ஒரு கணம் விடும். அந்த இடைவெளியில் ஒரு பாலிமரேஸ் நுழைந்து ஒரு படி எடுத்துவிடும். இந்தக் கசிவை மாணவர்கள் குறையாக நினைக்கிறார்கள். இது இல்லையென்றால் சுவிட்சே வேலை செய்யாது. லாக்டோஸ் செல்லுக்குள் வரப் பெர்மியேஸ் வேண்டும், பெர்மியேஸ் உருவாக ஓபரான் திறக்க வேண்டும், ஓபரான் திறக்க லாக்டோஸ் உள்ளே வர வேண்டும். இந்தச் சுழலை உடைப்பது கசிவில் உருவான அந்தச் சில மூலக்கூறுகள்தான்.

லாக்டோஸ் வந்ததும் நடப்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். கசிவில் உருவான பெர்மியேஸ் வழியாகச் சிறிது லாக்டோஸ் உள்ளே வருகிறது. கசிவில் உருவான பீட்டா-கேலக்டோசிடேஸ் அதில் ஒரு பகுதியைக் குளுக்கோஸ், கேலக்டோஸ் என இரண்டாக உடைக்கிறது. இன்னொரு பகுதியை உடைத்துவிடாமல், இரு சர்க்கரைகளுக்கும் இடையே உள்ள பிணைப்பை மட்டும் மாற்றி அமைக்கிறது: 1,4 பிணைப்பு 1,6 பிணைப்பாகிறது. இப்படிக் கிடைப்பது அல்லோலாக்டோஸ். ஓபரானைத் திறக்கவைக்கும் உண்மையான தூண்டி இதுதான், லாக்டோஸ் அல்ல. "லாக்டோஸ் அடக்கியுடன் இணைகிறது" என்று எழுதினால் பள்ளித் தேர்வில் தப்பிக்கலாம். அதற்கு மேல் உள்ள தேர்வுகளில் மதிப்பெண் போகும்.

அல்லோலாக்டோஸ் அடக்கியுடன் இணைந்ததும் அடக்கியின் வடிவம் சற்று மாறுகிறது. ஆபரேட்டரைப் பிடிக்கும் கைகள் சரியான கோணத்தில் நிற்பதில்லை. பிடிப்பு ஏறத்தாழ ஆயிரம் மடங்கு தளர்கிறது, அடக்கி விலகுகிறது, பாலிமரேஸுக்கு வழி கிடைக்கிறது. புதிதாக உருவாகும் பெர்மியேஸ் இன்னும் அதிக லாக்டோஸை உள்ளே கொண்டுவர, தூண்டி பெருகி, சுவிட்ச் முழுமையாகத் திறக்கிறது.

இரண்டு இடங்களில் பலர் தடுமாறுகிறார்கள். தூண்டி அடக்கியை அழிப்பதில்லை, அதன் உற்பத்தியை நிறுத்துவதுமில்லை. அடக்கி செல்லுக்குள்ளேயே இருக்கிறது, பிடிக்கும் வலு மட்டும் போய்விட்டது. அதேபோல் தூண்டி ஆபரேட்டரில் போய் உட்காருவதில்லை, அடக்கியில்தான் உட்காருகிறது.

மூடும் பக்கத்தைக் கேள்விகள் அதிகம் தொடுவதில்லை, ஆனால் புரிதலைச் சோதிக்க அது நல்ல இடம். லாக்டோஸ் தீர்ந்ததும் அல்லோலாக்டோஸும் உடைக்கப்பட்டுத் தீர்கிறது, அடக்கி மீண்டும் ஆபரேட்டரைப் பிடிக்கிறது. லாக் தூது ஆர்.என்.ஏ-வின் அரை ஆயுள் இரண்டு மூன்று நிமிடங்கள்தான் என்பதால் புதிய நொதி உருவாவது சில நிமிடங்களில் நின்றுவிடும். ஆனால் ஏற்கெனவே உருவான நொதி அப்படியே இருக்கும். பீட்டா-கேலக்டோசிடேஸ் எளிதில் சிதையாது. செல் பிரியும்போது மகள் செல்கள் அதைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஒவ்வொரு பிரிவிலும் அளவு பாதியாகும் என்றால், ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறையப் பத்துப் பிரிவுகள் வேண்டும், ஏனென்றால் 2¹⁰ = 1024. ஆக, மரபணு அணைவது நிமிடக் கணக்கு, நொதி மறைவது தலைமுறைக் கணக்கு. "தூண்டியை நீக்கியதும் நொதியின் செயல்பாடு உடனே பூஜ்யமாகும்" என்ற தெரிவு பலவுள் தெரிவு வினாவில் வந்தால் அது தவறு.

இரண்டாவது சுவிட்ச்: குளுக்கோஸ் இருக்கிறதா?

அடக்கி விலகினால் மட்டும் போதாது. லாக் புரொமோட்டர் இயல்பிலேயே பலவீனமானது. பாலிமரேஸ் விரும்பும் வரிசை, ஆர்.என்.ஏ தொடங்கும் இடத்துக்கு முன்னால் பத்தாவது எழுத்தருகே `TATAAT`. லாக் புரொமோட்டரில் அங்கே இருப்பது `TATGTT`. எழுத்துகள் பொருந்தாததால் பாலிமரேஸ் அங்கே சரியாக நிலைகொள்வதில்லை. அதைப் பிடித்து உட்காரவைக்க ஓர் உதவி வேண்டும்.

அந்த உதவியாளர் கேப் என்ற புரதம். சி.ஆர்.பி என்றும் இதற்கு இன்னொரு பெயர் உண்டு, இரண்டும் ஒன்றே. கேப் தனியாக டி.என்.ஏ-வைச் சரியாகப் பிடிக்காது. சி.ஏ.எம்.பி என்ற சிறு மூலக்கூறு அதனுடன் இணைந்த பிறகுதான் புரொமோட்டருக்கு முன்னால் உள்ள தன் இடத்தில் அமர்ந்து, டி.என்.ஏ-வைக் கூர்மையாக வளைத்து, பாலிமரேஸைத் தொட்டுப் பிடித்து இருத்துகிறது. படியெடுத்தல் பல பத்து மடங்கு கூடுகிறது.

குளுக்கோஸ் இங்கே எப்படி வருகிறது? குளுக்கோஸைச் செல்லுக்குள் கொண்டுவரும் ஏற்பாட்டில் ஒரு புரதம் உண்டு. பாஸ்பேட்டைக் கைமாற்றிக் கைமாற்றி இறுதியில் குளுக்கோஸின் மேல் ஏற்றிவிடுவதில் அதற்கும் பங்கு உண்டு. குளுக்கோஸ் வந்துகொண்டே இருந்தால் இந்தப் புரதத்தின் கையில் பாஸ்பேட் தங்காது. குளுக்கோஸ் இல்லாவிட்டால் பாஸ்பேட் கையிலேயே நிற்கும். பாஸ்பேட்டுடன் நிற்கும் வடிவம், சி.ஏ.எம்.பி-யை உருவாக்கும் அடினைலேட் சைக்ளேஸ் நொதியைத் தூண்டுகிறது. பாஸ்பேட் இல்லாத வடிவம் பெர்மியேஸைப் பிடித்து லாக்டோஸ் நுழைவதையே தடுக்கிறது. இதைத் தூண்டி விலக்கல் என்பார்கள்.

எனவே குளுக்கோஸ் இரண்டு வழிகளில் லாக் ஓபரானைத் தடுக்கிறது: சி.ஏ.எம்.பி-யைக் குறைத்து, லாக்டோஸை உள்ளே விடாமல் செய்து. பெரும்பாலான பாடநூல்கள் முதல் வழியை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கின்றன. குளுக்கோஸும் லாக்டோஸும் சேர்ந்து இருக்கும்போது செல் லாக்டோஸைத் தொடாமல் இருப்பதற்கு இரண்டாவது வழியே முக்கியக் காரணம் என்று 1990-களில் நடந்த சோதனைகள் காட்டின. கேள்வி "சி.ஏ.எம்.பி-யை வைத்து விளக்குக" என்று கேட்டால் முதல் வழியை விரிவாக எழுதி, இரண்டாவதை ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்.

இரண்டு சுவிட்சுகளையும் சேர்த்துப் பார்த்தால் நான்கு நிலைகள் வரும்.

| குளுக்கோஸ் | லாக்டோஸ் | ஆபரேட்டரில் அடக்கி | கேப் | படியெடுத்தல் |
|---|---|---|---|---|
| உண்டு | இல்லை | பிடித்திருக்கும் | அமராது | கசிவு மட்டும் |
| இல்லை | இல்லை | பிடித்திருக்கும் | அமரும் | கசிவு மட்டும் |
| உண்டு | உண்டு | பெரும்பாலும் பிடித்திருக்கும் | அமராது | மிகக் குறைவு |
| இல்லை | உண்டு | விலகும் | அமரும் | மிக அதிகம் |

இரண்டாவது வரிசையில்தான் அதிகத் தவறு நடக்கிறது. கேப் அமர்ந்திருக்கிறதே, ஓரளவு நடக்கும் என்று எழுதிவிடுகிறார்கள். அடக்கி வழியை மறித்திருக்கும்போது கேப் எவ்வளவு உதவினாலும் பயனில்லை. மூன்றாவது வரிசையில் பல பாடநூல்கள் "அடக்கி விலகும்" என்றே அச்சிட்டிருக்கும். அவை தூண்டி விலக்கலைக் கணக்கில் எடுப்பதில்லை. இறுதி விடை இரு வழியிலும் ஒன்றுதான்: மிகக் குறைவு.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வளர்ச்சி வரைபடம் போதும். ஊடகத்தில் சிறிது குளுக்கோஸும் கூடுதலாக லாக்டோஸும் போட்டு ஈ. கோலையை வளர்த்து, சீரான இடைவெளியில் கலங்கலை அளந்தால், கோடு முதலில் வேகமாக ஏறும். பிறகு சிறிது நேரம் கிடையாக நிற்கும். அதன்பின் சற்றுக் குறைந்த வேகத்தில் மறுபடி ஏறும். மோனோ 1941-இல் தம் ஆய்வேட்டில் விவரித்த இந்த இரட்டை வளர்ச்சியில்தான் கதையே தொடங்கியது. கிடையாக நிற்கும் பகுதிதான் செல் லாக் நொதிகளைத் தயாரிக்கும் நேரம். குளுக்கோஸின் அளவை இரட்டிப்பாக்கினால் முதல் ஏற்றம் மட்டும் இரட்டிப்பு உயரத்துக்குப் போகும். இடைநிறுத்தம் வந்தது குளுக்கோஸ் தீர்ந்ததால்தான் என்பதற்கு அதுவே சான்று.

இந்தப் பகுதியிலிருந்து அடிக்கடி வரும் கேள்வி ஒன்று. சி.ஏ.எம்.பி உருவாக்க முடியாத ஒரு திரிபு, கேப் உருவாக்க முடியாத இன்னொரு திரிபு. இரண்டும் லாக்டோஸில் சரியாக வளர்வதில்லை, மால்டோஸ், அரபினோஸ் போன்ற சர்க்கரைகளிலும் தடுமாறுகின்றன. எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஊடகத்தில் சி.ஏ.எம்.பி-யைச் சேர்த்துப் பாருங்கள். வளர்ச்சி திரும்பினால் அது சி.ஏ.எம்.பி குறைபாடு. திரும்பாவிட்டால் அதைப் பயன்படுத்தும் கேப் இல்லை என்று பொருள். லாக்டோஸில் மட்டுமே கோளாறு, மற்றச் சர்க்கரைகளில் நன்றாக வளர்கிறது என்றால், லாக் ஓபரானுக்குள்ளேயே தேடுங்கள்.

அடக்கி மிதக்கும் பொருள் என்று எப்படித் தெரிந்தது?

ஜேக்கப், மோனோ, ஆர்தர் பார்டி மூவரும் 1950-களின் இறுதியில் செய்த ஒரு சோதனை இது. மூவர் பெயரையும் சேர்த்துப் பஜாமோ சோதனை என்று அழைப்பார்கள். பாக்டீரியாக்கள் இணையும்போது ஆண் செல் தன் டி.என்.ஏ-வை மட்டும் பெண் செல்லுக்குள் அனுப்பும். அதன் புரதங்கள் கூடவே போவதில்லை. நல்ல ஐ, நல்ல இசட் உள்ள ஆணை, இரண்டும் பழுதான பெண்ணுடன் இணைத்தார்கள். தூண்டி எதுவும் சேர்க்கவில்லை.

நல்ல இசட் பெண் செல்லுக்குள் வந்ததும் நொதி உடனே உருவாகத் தொடங்கியது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனபின் உற்பத்தி நின்றுவிட்டது. அப்போது தூண்டியைச் சேர்த்தால் மறுபடி தொடர்ந்தது. பெண் செல்லுக்குள் முதலில் அடக்கி எதுவும் இல்லை, அதனால் இசட் தடையின்றி ஓடியது. கூடவே வந்த நல்ல ஐ மெல்ல மெல்ல அடக்கியை உருவாக்கிச் சேர்த்தது. போதிய அளவு சேர்ந்ததும் கதவு மூடியது. லாக்-ஐ உருவாக்குவது தூண்டும் பொருளை அல்ல, தடுக்கும் பொருளை என்பதை இது தெளிவாக்கியது. அந்தப் பொருளைக் கையில் பிடிக்க 1966 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஹார்வர்டில் வால்டர் கில்பர்ட்டும் பென்னோ முல்லர்-ஹில்லும் அப்போது அடக்கியைப் பிரித்தெடுத்து, அது புரதம் என்று காட்டினார்கள்.

மரபணு வகைக் கணக்குகள்

தேர்வில் அதிக மதிப்பெண் தாங்கி வருவது இந்தப் பகுதி. பாக்டீரியாவின் குரோமோசோமில் ஒரு லாக் பகுதி, உள்ளே நுழைத்த F′ பிளாஸ்மிடில் இன்னொரு லாக் பகுதி என இரண்டு படிகள் இருக்கும். இதைப் பகுதி இருமடியம் என்பார்கள். சாய்கோட்டின் ஒரு பக்கம் குரோமோசோம், மறுபக்கம் பிளாஸ்மிட். I, P, O, Z, Y என்ற எழுத்துகள் முறையே லாக்-ஐ, புரொமோட்டர், ஆபரேட்டர், லாக்-இசட், லாக்-ஒய். கேட்பது இதுதான்: தூண்டி இல்லாதபோது நொதி உருவாகுமா, இருக்கும்போது உருவாகுமா?

திடீர்மாற்றங்களில் நான்கைத் தெரிந்துகொண்டால் போதும். I⁻ என்றால் அடக்கி உருவாகாது அல்லது பிடிக்காது. Iˢ என்றால் அடக்கி ஆபரேட்டரை நன்றாகப் பிடிக்கும், ஆனால் தூண்டி அதனுடன் இணையாது, அதனால் விலகவே விலகாது. Oᶜ என்றால் ஆபரேட்டர் கெட்டுவிட்டது, அடக்கியால் பிடிக்க முடியாது. P⁻ என்றால் பாலிமரேஸ் அமர இடமில்லை, அந்தத் துண்டில் ஓபரான் ஒருபோதும் ஓடாது.

இப்போது "பொருளா, இடமா?" என்ற கேள்வி வேலைக்கு வருகிறது.

I⁻ P⁺ O⁺ Z⁺ / F′ I⁺ P⁺ O⁺ Z⁻ என்பதை எடுப்போம். குரோமோசோமில் I பழுது, ஆனால் பிளாஸ்மிடின் I⁺ நல்ல அடக்கியை உருவாக்குகிறது. அடக்கி மிதக்கும் பொருள், குரோமோசோமின் ஆபரேட்டரையும் வந்து பிடிக்கும். எனவே தூண்டி இல்லாதபோது நொதி இல்லை, இருந்தால் உண்டு. I⁺ எந்தத் துண்டில் இருந்தாலும் வேலை செய்கிறது. இதை டிரான்ஸ் செயல்பாடு என்கிறோம்.

அடுத்து, I⁺ P⁺ Oᶜ Z⁺ / F′ I⁺ P⁺ O⁺ Z⁻. நல்ல ஆபரேட்டர் பிளாஸ்மிடில் இருக்கிறது. ஆனால் ஆபரேட்டர் ஓர் இடம். பிளாஸ்மிடின் நல்ல ஆபரேட்டரால் குரோமோசோமின் Z⁺ மரபணுவை அடக்க முடியாது. குரோமோசோமின் Oᶜ-ஐ அடக்கி பிடிக்காததால் நொதி எப்போதும் உருவாகும். இதே எழுத்துகளை இடம் மாற்றி I⁺ P⁺ Oᶜ Z⁻ / F′ I⁺ P⁺ O⁺ Z⁺ என்று கொடுத்தால் விடை தலைகீழாகிறது: Z⁺ இப்போது நல்ல ஆபரேட்டருக்குப் பின்னால் இருக்கிறது, எனவே தூண்டி இருந்தால் மட்டுமே நொதி. இப்படித் தன் துண்டை மட்டும் பாதிப்பது சிஸ் செயல்பாடு. எந்த O எந்த Z-உடன் ஒரே துண்டில் இருக்கிறது என்று பார்க்காமல் விடை எழுதுவதுதான் இந்தக் கணக்குகளில் மிகப் பரவலான தவறு.

ஓர் எச்சரிக்கை. Oᶜ உள்ள உண்மையான திரிபுகளில் தூண்டி இல்லாதபோது உருவாகும் நொதி பெரும்பாலும் முழு அளவை எட்டாது, தூண்டி சேர்த்தால் மேலும் ஏறும். கெட்ட ஆபரேட்டரையும் அடக்கி ஓரளவு பற்றுவதே காரணம். எண்கள் கொண்ட அட்டவணையைக் கொடுத்து மரபணு வகையைக் கேட்கும்போது இது உதவும். உண்டு, இல்லை என்று மட்டும் எழுதும் கணக்கில் "எப்போதும் உண்டு" என்றே எழுதுங்கள்.

இன்னொரு நுட்பம், கேள்வியில் "தூண்டி" என்று இருக்கிறதா "லாக்டோஸ்" என்று இருக்கிறதா என்பது. ஆய்வகத்தில் தூண்டியாகப் பயன்படுவது ஐ.பி.டி.ஜி. அது அடக்கியுடன் நேரடியாக இணையும், பீட்டா-கேலக்டோசிடேஸ் அதை உடைக்காது, அதிக செறிவில் பெர்மியேஸ் இல்லாமலும் உள்ளே போகும். 1 மில்லிமோலார் செறிவு வழக்கமாகப் போதும். லாக்டோஸ் அப்படியல்ல. Z முற்றிலும் பழுதான செல்லுக்கு லாக்டோஸ் கொடுத்தால் அல்லோலாக்டோஸ் உருவாகாது, எனவே நல்ல Y கூடத் தூண்டப்படாது. Y பழுதான செல்லுக்குள் லாக்டோஸ் நுழைவதே கடினம், எனவே நல்ல Z தூண்டப்படாது. இரண்டிலும் ஐ.பி.டி.ஜி கொடுத்தால் ஓபரான் திறக்கும்.

விடையைச் சோதனையில் எப்படிப் பார்ப்பது? எக்ஸ்-கால் என்ற நிறமற்ற பொருளைப் பீட்டா-கேலக்டோசிடேஸ் உடைத்தால் நீலம் வரும். எக்ஸ்-கால் தூண்டி அல்ல. அதனால் கிளிசராலை உணவாகக் கொண்ட தட்டில் ஐ.பி.டி.ஜி இல்லாமல் எக்ஸ்-கால் மட்டும் போட்டால், எப்போதும் திறந்திருக்கும் I⁻, Oᶜ திரிபுகள் மட்டுமே நீலக் கூட்டங்களாகத் தெரியும், இயல்பானவை வெள்ளையாக இருக்கும். கிளிசராலுக்குப் பதில் குளுக்கோஸ் போட்டுவிட்டால் நீலம் மங்கிவிடும், திரிபு இல்லை என்று தவறாக முடிவு செய்ய நேரும். அளவாக வேண்டுமானால் ஓ.என்.பி.ஜி பயன்படுகிறது: அது உடைந்தால் மஞ்சள் நிறம் வரும், அதை 420 நானோமீட்டரில் அளக்கலாம்.

கடைசியாக, எல்லாம் கலந்த ஒரு கணக்கு:

Iˢ P⁺ O⁺ Z⁺ Y⁻ / F′ I⁺ P⁺ Oᶜ Z⁻ Y⁺

முதலில் மிதக்கும் பொருள்களைக் கேளுங்கள். செல்லில் இரண்டு வகை அடக்கிகள் உண்டு: விலகவே விலகாத Iˢ வகை, தூண்டி வந்தால் விலகும் I⁺ வகை. தூண்டியைச் சேர்த்தாலும் Iˢ வகை பிடித்துக்கொண்டே இருக்கும். எனவே செல்லில் உள்ள எந்த நல்ல ஆபரேட்டரும் திறக்காது. இங்கே Iˢ ஓங்கியது.

பிறகு ஒவ்வொரு துண்டாக இடங்களைப் பாருங்கள். குரோமோசோமில் ஆபரேட்டர் நல்லது, அதனால் Iˢ அடக்கி அதை எப்போதும் பிடித்திருக்கும். அங்கிருக்கும் Z⁺ பயன்படாமல் கிடக்கும். பிளாஸ்மிடில் Oᶜ இருப்பதால் Iˢ அடக்கியாலும் அதைப் பிடிக்க முடியாது, அந்தத் துண்டு எப்போதும் ஓடும். ஆனால் அங்கே Z பழுது, Y மட்டும் நல்லது.

விடை: பீட்டா-கேலக்டோசிடேஸ் தூண்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இல்லை, பெர்மியேஸ் இரு நிலையிலும் உண்டு. இந்தச் செல் லாக்டோஸை உள்ளே இழுக்கும், ஆனால் உடைக்க முடியாது. லாக்டோஸ் மட்டுமே உள்ள ஊடகத்தில் வளராது. பிளாஸ்மிடில் Oᶜ-உடன் P⁻-உம் சேர்ந்திருந்தால் பெர்மியேஸும் இல்லாமல் போகும், ஏனென்றால் அடக்கி விலகிய ஆபரேட்டருக்கு முன்னால் பாலிமரேஸ் அமர இடமே இருக்காது.